அத்திரிபாச்சா! அட்டை நிழலில் ஒரு குறும்படம்



கேரளத்தில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு நிழல் கூத்து அந்நியமான கலை அன்று. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில் இன்றும் பாடப்படுவது கம்பராமாயணம்தான். பாட்டு தமிழில், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த நடையில். இக்கலையை நடத்தி வரும் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு வகை உண்டு. அங்கே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் குழந்தைகள் சிரித்தே களைத்துவிடுவார்கள். நம் வலியசாலை இந்த இரண்டுக்கும் நடுவில், இரயில் பாதையின் மீது அமைந்த ஒரு நிலையம் போல இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது கூத்தைப் பற்றி அல்ல. கூத்தின் கொள்கையை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே, கறுப்பு அட்டையை வெட்டி, ஒரு நாட்டுப்புறக் கதையை இரண்டு நிமிடக் குறும்படமாக எடுப்பது எப்படி என்பதுதான். எங்கள் தெருக் குழந்தைகள் ஐந்து பேரும் நானும் சேர்ந்து அப்படி ஒன்றை எடுத்து முடித்தோம். அந்தச் செய்முறையை அளவுகளோடு கீழே தருகிறேன்.

முதலில் கதை. எல்லாக் கதையும் நிழலுக்கு ஒத்துவராது. நிழலில் முகபாவம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணீர் கிடையாது. வெளிக்கோடு ஒன்றுதான் பேசும். பழைய இரயில்வே கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் ஓட்டுநர் அதன் நிறத்தை நம்பி வருவதில்லை. வானத்தின் பின்னணியில் கை நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார். தூரத்தில் நிற்கும் எச்சரிக்கைக் கைகாட்டியின் நுனி மீன்வால் போல் பிளந்திருப்பதும் அதற்காகவே. நிழற்படத்துக்கும் விதி இதுதான்: கதையின் திருப்பம் வெளிக்கோட்டில் தெரிய வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்தது கொழுக்கட்டைக் கதை. நம் பாட்டிமார் சொன்னதுதான். ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போகிறான். அங்கே முதல்முறையாகக் கொழுக்கட்டை தின்கிறான். வீட்டில் மனைவியிடம் செய்யச் சொல்வதற்காக, பெயர் மறந்துவிடாமல் ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். ‘அத்திரிபாச்சா!’ என்று தாண்டுகிறான். அக்கரையில் கால் பட்டதும் கொழுக்கட்டை மறந்து ‘அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா’ என்று நடக்கத் தொடங்குகிறான். வீட்டுக்கு வந்து அதைச் செய்து போடு என்கிறான். அப்படி ஒரு பலகாரமே இல்லை என்கிறாள் அவள். கோபத்தில் அவளை அடிக்கிறான். அவள் நெற்றி வீங்குகிறது. ‘ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே’ என்று அண்டை வீட்டுக்காரி சொல்ல, ‘அதுதான்! அதுதான்!’ என்று குதிக்கிறான்.

நடப்பது, தாண்டுவது, வீங்குவது ஆகிய மூன்றும் வெளிக்கோட்டிலேயே தெரியும். போதாததற்கு, கொழுக்கட்டையை மலையாளத்திலும் ஏறக்குறைய அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டு மலையாளிக் குழந்தைகளுக்கும் படம் தானாகவே புரிந்தது.

ஆனால் அந்த அடி விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவின் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, “தாத்தா, அவன் மறந்ததுக்கு மாமி ஏன் அடி வாங்கணும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நிழலில் வேறொரு சங்கடமும் உண்டு. பாட்டி வாயால் சொல்லும்போது குரலாலேயே அந்த அடியை வேடிக்கையாக்கிவிடுவாள். நிழலிலோ கை ஓங்குவதும் தலை சாய்வதும் மட்டும்தான் தெரியும். அதில் வேடிக்கை எதுவும் இருக்காது. ஆகவே நாங்கள் இப்படி மாற்றினோம். அவன் கோபத்தோடு சமையலறைக்குள் பாயும்போது தாழ்ந்த நிலைப்படியில் தன் நெற்றியையே மோதிக்கொள்கிறான். வலியசாலையின் பழைய அக்கிரகார வீடுகளில் தலை இடிக்காதவர் யார்? வீங்கியது அவன் நெற்றி. பெயரைச் சொல்பவள் மனைவி. கதையை மாற்றலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நாட்டுப்புறக் கதை சொல்பவர் வாயில் மாறி மாறித்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

இனி முறை. நிழற்படம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூத்தைப் போலவே துணியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, குச்சியில் பொருத்திய பாவையை ஆட்டி அப்படியே படம்பிடிப்பது. மற்றொன்று, கண்ணாடி மேசையில் பாவையைப் படுக்க வைத்து, கீழிருந்து ஒளி கொடுத்து, மேலிருந்து ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது. இரண்டாவது வழியில் பெயர் பெற்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த லொட்டே ரைனிகர் என்ற பெண்மணி. ஆயிரத்தொரு இரவுக் கதைகளை வைத்து அவர் 1923 முதல் 1926 வரை உழைத்து எடுத்த ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் முழுநீளப் படம். அதில் வருபவை எல்லாம் கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும் கம்பியால் மூட்டிய உருவங்களே. குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது வழியே நல்லது. ஒருவர் கை நடுங்கினாலும் படம் கெடாது; யோசித்துச் செய்ய நேரம் உண்டு.

பாவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் கறுப்பு சார்ட் பேப்பர் மிக மெல்லியது. இரண்டு நாளில் துவண்டுவிடும். வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டைதான் சரியான கனம். பளபளப்பு இருந்தால் மேல்பக்கம் மட்டும் கறுப்பு போஸ்டர் பெயிண்ட் அடித்து மங்கச் செய்துகொள்ளலாம். ரைனிகர் ஈயம் வைத்தது, உறுப்புகள் கண்ணாடியோடு படிந்து கிடக்க வேண்டும் என்பதற்காக. ஈயம் நஞ்சு, குழந்தைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. அதற்குப் பதிலாக, சிறிய இரும்பு வாஷர்களைப் பாவையின் மேல்பக்கத்தில், விளிம்புக்கு உள்ளே அடங்கும்படி ஒட்டினோம். படத்தில் எல்லாமே கறுப்பாகத் தெரிவதால் வாஷர் தெரியாது. கீழே ஒட்டினால் அட்டை தூக்கிக்கொள்ளும்.

எங்கள் கதாநாயகனின் உயரம் 14 சென்டிமீட்டர். தலை ஒன்று, உடல் ஒன்று, கைகளுக்கு நான்கு துண்டு, கால்களுக்கு நான்கு துண்டு, தனியாக ஆடும் குடுமி ஒன்று. ஆக 11 துண்டுகள். கூத்துப் பாவைகளில் பெரும்பாலும் ஒரு கை மட்டுமே அசையும். அங்கே பாட்டும் பேச்சும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நம் கதையிலோ நடைதான் எல்லாம். அதனால் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பதாக வெட்டினோம். தழையக் கட்டிய வேட்டியானால் கால் மறைந்து, மனிதன் சக்கரத்தில் உருள்வது போல் இருக்கும். மனைவிக்குப் புடவை கால்வரை இருப்பதால் அவளுக்குக் காலே வேண்டாம். புடவையை ஒரே துண்டாக வெட்டி, நடக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் மேலும் கீழுமாக அசைத்தால் போதும்.

முகம் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். மூக்கைச் சற்றுப் பெரிதாகவும், தலையை உடலுக்கு வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகவும் வெட்டினால், கைப்பேசியின் சிறிய திரையிலும் ஆள் அடையாளம் தெரியும். வெட்டி முடித்ததும் பாவையை வெள்ளைச் சுவரில் பிடித்து, பத்தடி தள்ளி நின்று, கதை தெரியாத ஒருவரிடம் இது யார் என்று கேளுங்கள். ‘குடுமிக்காரர், நடந்து போகிறார்’ என்று வந்தால் சரி. கையும் உடலும் ஒன்றாகி ஒரு கறுப்பு மூட்டை போல் தெரிந்தால், கையை உடலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

மூட்டு என்பது இயந்திரத் தொழில் தெரிந்தவர்களுக்குப் பழகிய விஷயம். நீராவி எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தண்டின் முனையைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். தொடைத் துண்டின் கீழ்முனையும் முழங்காலுக்குக் கீழான துண்டின் மேல்முனையும் ஒரே அளவுள்ள வட்டமாக முடிய வேண்டும். துளை அந்த வட்டத்தின் நடுமையத்தில் விழ வேண்டும். எங்கள் பாவையின் தொடை அகலம் 16 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு முனையிலும் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம், நடுவில் ஊசித் துளை. இப்படிச் செய்தால் காலை எந்தக் கோணத்தில் மடக்கினாலும் முழங்கால் உருண்டையாகவே இருக்கும். துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போதும், மடக்கும்போது ஒரு பக்கம் மூலை துருத்தும், மறுபக்கம் பள்ளம் விழும். வெளிச்சத்தில் அது உடனே கண்ணில் படும். அட்டையில் பென்சிலால் முதலில் வட்டம் வரைந்து, மையத்தைக் குத்திவிட்டு, பிறகு உறுப்பை வரைவதே சரியான வரிசை.

துளையில் பழைய மின்வயரின் செம்பு இழை ஒன்றைக் கோத்து, இரண்டு பக்கமும் சிறு சுருளாக மடித்துத் தட்டையாக்கினால் மூட்டு தயார். இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாவையை உடலைப் பிடித்துத் தூக்குங்கள். நீட்டிய கை நீட்டியபடி நிற்க வேண்டும். ஒரு விரலால் தொட்டதும் நகர வேண்டும். தானே விழுந்தால், படமெடுக்கும்போது காலைத் தொட்டால் கையும் நகர்ந்துவிடும். விரலுக்கு அசையாவிட்டால், கையை நகர்த்த முயலும்போது பாவையே நகரும்.

நெற்றி வீங்குவதற்கு ஓர் எளிய உபாயம். கொழுக்கட்டை வடிவில் ஒரு சிறு அட்டையை வெட்டி, தலைக்கு அடியில் முழுதும் மறையும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மோதியதும், படத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் அதை வெளியே தள்ள வேண்டும். 12 படங்களில் 12 மில்லிமீட்டர் வீக்கம். எங்கள் படத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது இந்த ஒரு வினாடிக்குத்தான்.

அடுத்தது ஒளி. கூத்துமாடத்தில் 42 அடி நீளத் திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். ஏன் ஒட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிழலின் விளிம்பில் வரும் மங்கலின் அகலம், விளக்கின் அகலத்தைப் பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வரும். விளக்கு 10 சென்டிமீட்டர் அகலம், பாவையிலிருந்து 150 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பாவை திரையிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினால் விளிம்பு 2 மில்லிமீட்டர் மங்கும். 15 சென்டிமீட்டர் விலகினால் ஒரு சென்டிமீட்டர் மங்கிவிடும், மூக்கே காணாமல் போகும். துணி கட்டி ஆட்ட விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி மேசையில் இந்தத் தொல்லை இல்லை. கேமரா பார்ப்பது நிழலை அல்ல, ஒளிக்கு நடுவே கிடக்கும் அட்டையையே. அங்கே வருவது வேறு தொல்லை: ஒளி எங்கும் சமமாக இருக்க வேண்டும். நாங்கள் 60க்கு 45 சென்டிமீட்டர் அளவில், 6 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியை, விளிம்பை மழுங்கத் தேய்த்து வாங்கி, இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பாலம் போல் வைத்தோம். அதன் மேல் பட்டர் பேப்பர் ஒரு தாள். படத்தில் விழும் பகுதி 48க்கு 27 சென்டிமீட்டர். கண்ணாடிக்கு நேர் கீழே பல்பை வைத்தால் நடுவில் சூரியனும் மூலைகளில் இருட்டுமாக இருக்கும். அதனால் இரண்டடி நீள எல்.இ.டி. பேட்டன் விளக்குகள் இரண்டை ஸ்டூல்களின் உட்புறத்தில், தரையைப் பார்க்கும்படி கட்டினோம். தரையில் வெள்ளை சார்ட். விளக்கின் ஒளி கீழே போய், வெள்ளையில் பட்டு, பரவி மேலே வரும். பழைய குண்டு பல்பானால் சூட்டில் பட்டர் பேப்பர் சுருளும், எல்.இ.டி.யில் அந்தப் பயம் இல்லை.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கறுப்பு அட்டை சாம்பல் நிறமாகி, வாஷரும் செம்புக் கம்பியும் பல்லைக் காட்டும். ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் வந்தால், ஒரு மேகம் நகர்வதும் படத்தில் மின்னலாகத் தெரியும். ஆகவே இரவில்தான் வேலை. குனிந்து வேலை செய்கிறவர் வெள்ளைச் சட்டை போடாமலிருப்பது நல்லது. அந்த வெளிச்சமும் பாவையின் மேல் விழும்.

பின்னணிக்கும் பட்டர் பேப்பரே போதும். மலைக்கு ஒரு தாளைக் கிழித்து வைத்தால் இளஞ்சாம்பல். அதன் மேல் இன்னொன்று வைத்தால் சற்றுக் கருமை. தூரத்துக்கு ஒரு தாள், அருகுக்கு இரண்டு தாள், நம் காலடித் தரைக்குக் கறுப்பு அட்டை.

கைப்பேசியை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் வைத்த பலகையில், ஒரு துளை போட்டு, நேராகக் கீழே பார்க்கும்படி பொருத்தலாம். நேராகத்தான் பார்க்கிறதா என்று அறிய, ஒரு பெரிய சதுர அட்டையை மேசையில் வைத்துப் படமெடுத்து, அதன் நான்கு பக்கங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இருக்க வேண்டும். பிறகு திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால், கறுப்புப் பாவை உள்ளே வர வர, கைப்பேசி தானே ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும். ஓட்டிப் பார்த்தால் படம் விட்டு விட்டு மினுக்கும். ஒளி விழும் நேரத்தைக் கையால் வைக்க முடிந்தால் 1/50 வினாடி வையுங்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்கு அதில் 100 முறை துடிக்கும். 1/50-ல் எப்போதும் முழுதாக இரண்டு துடிப்பு அடங்கும், ஆகவே படத்துக்குப் படம் ஒளி மாறாது. கைப்பேசியைத் தொட்டுப் படமெடுக்கக் கூடாது. வயருள்ள இயர்போனின் ஒலி பொத்தான் பல கைப்பேசிகளில் படமெடுக்கும் பொத்தானாகவும் வேலை செய்யும்.

இனி நடை. நாங்கள் வினாடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டோம். கைப்பேசிகளில் கிடைக்கும் ஸ்டாப் மோஷன் செயலிகளில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் அதுவே கோத்து ஓட்டிக் காட்டும். ஆனால் படமெடுப்பதற்கு முன்பே குரலைப் பதிவு செய்துவிட வேண்டும். இதுதான் என் அனுபவத்தில் மிக முக்கியமான விஷயம். காரணம், இந்தக் கதையில் கால் நடப்பதே சொல்லின் தாளத்தில்தான். ‘கொ–ழுக்–கட்–டை’ என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நடந்து பாருங்கள். ‘கொ’வில் ஒரு கால் விழும், ‘கட்’டில் மறுகால் விழும். எங்கள் பையன் ஒரு முறை சொல்ல ஏறக்குறைய ஒரு வினாடி எடுத்தான். ஆக, ஒரு சொல்லுக்கு இரண்டு அடி, 12 படம். ஓர் அடிக்கு 6 படம்.

அடியின் நீளம் எவ்வளவு? பாவையின் கால் 70 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் அடி வைத்தால் இயல்பாக இருக்கிறது. 6 படத்தில் 60 என்றால், படத்துக்கு உடல் 10 மில்லிமீட்டர் முன்னே போக வேண்டும். அதே நேரத்தில் தூக்கிய கால் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். அது கடக்கும் தூரம் 120. ஆகவே அதன் பாதம் படத்துக்கு 20. ஊன்றிய கால் நகரவே கூடாது. குழந்தைகளுக்கு இதைச் சூத்திரமாகவே சொல்லிக்கொடுத்தேன்: உடல் பத்து, தூக்கிய கால் இருபது, ஊன்றிய கால் பூஜ்யம். கண்ணாடியின் விளிம்பில், படத்தில் விழாத இடத்தில், ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துவிட்டால் அளவு பார்ப்பது எளிது.

மூன்று எண்களில் கடைசி எண்தான் எப்போதும் தவறிப்போகும். உடலை நகர்த்தும்போது ஊன்றிய பாதமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சேர்ந்து நகர்ந்துவிடும். ஓட்டிப் பார்த்தால், எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்கிக்கொண்டே போவது போல் இருக்கும். இதற்கு வழி, ஒரு குழந்தை ஊன்றிய பாதத்தைப் பென்சில் முனையால் அழுத்திப் பிடித்திருக்க, மற்றொரு குழந்தை உடலை நகர்த்துவது. தனி ஆளாகச் செய்வதைவிட இரண்டு பேர் செய்வதில் இந்த ஒரு லாபம் உண்டு.

உடல் ஒரே மட்டத்திலும் போகக் கூடாது. இரண்டு காலும் விரிந்து நிற்கும்போது இடுப்பு தாழ்கிறது. 70 மில்லிமீட்டர் கால் 30 மில்லிமீட்டர் முன்னே சாய்ந்தால், பிதாகரஸ் கணக்குப்படி உயரம் 63. அதாவது 7 மில்லிமீட்டர் தாழ்வு. பின்காலின் குதிகால் உயர்வதால் அதில் பாதி ஈடுகட்டப்படும். ஆகவே விரிந்த நிலையைவிட, கால்கள் ஒன்றை ஒன்று தாண்டும் மூன்றாவது படத்தில் இடுப்பை 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால், கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் பாவையில் கனம் தெரியாது.

இனி வாய்க்கால். கறுப்புத் தரையில் 10 சென்டிமீட்டர் இடைவெளி. 12 சென்டிமீட்டர் தாண்ட வேண்டும். எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாக வைக்காமல் கணக்கிட்டோம். 14 சென்டிமீட்டர் பாவையை 165 சென்டிமீட்டர் மனிதன் என்று கொண்டால், அளவு ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அரை வினாடி காற்றில் இருக்கும் மனிதன் சுமார் 30 சென்டிமீட்டர் எழும்புகிறான். பாவைக்கு அது 26 மில்லிமீட்டர். காற்றில் 6 படம். முன்னோக்கி ஒவ்வொரு படத்துக்கும் சமமாக 20 மில்லிமீட்டர். ஆனால் உயரம் சமமாக ஏறக் கூடாது: 14, 23, 26, மீண்டும் 23, 14, தரை. எழும்பும்போது முதல் படத்திலேயே பாதிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. உச்சிக்கு அருகில் மூன்றே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். குழந்தைகள் முதலில் சமமான படிகளாக, கூரை வடிவில் ஏற்றி இறக்கவே விரும்பினார்கள். இரண்டு விதமாகவும் எடுத்து ஓட்டிக் காட்டினேன். கூரை வடிவத்தில் ஆள் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டது போல் இருந்தான். மற்றதில் தானே தாண்டினான். பிறகு யாரும் விவாதிக்கவில்லை.

ஆனால் தாண்டலின் உயிர் அந்த ஆறு படங்களில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது. முழங்கால் மடங்கிக் குனிய 4 படம், அப்படியே நிற்க 3 படம். பார்ப்பவர் ‘ஓ, தாண்டப் போகிறான்’ என்று தெரிந்துகொள்ள இந்த அரை வினாடிக்கு மேற்பட்ட நேரம் தேவை. ‘அத்திரி’ என்பது இந்தக் குனிதலில் வரும், ‘பாச்’ என்ற இடத்தில் கால் தரையை விடும், ‘சா’ காற்றில். இறங்கியதும் முழங்கால் மடங்க 3 படம், நிமிர 4 படம். குடுமியை மட்டும் எப்போதும் ஒரு படம் தாமதமாக அசையுங்கள். உடல் எழும்பும்போது குடுமி கீழே தொங்க, உடல் இறங்கிய பிறகு குடுமி மேலே நிற்கும். ஆக மொத்தம் 20 படம், இரண்டு வினாடிக்கும் குறைவு.

தாண்டிய பிறகு வரும் நடைக்குப் புதிதாக ஒரு படமும் எடுக்கவில்லை. ‘அத்–தி–ரி–பாச்–சா’வையும் அதே ஒரு வினாடிக்குள் சொல்ல வைத்தோம், ‘அத்’தில் ஒரு கால், ‘பாச்’சில் மறுகால். முன்பு எடுத்த நடையையே மீண்டும் ஓட்டி, மேலே புதுச் சொல்லை ஒட்டினோம். அதற்காகவே அந்தக் காட்சியில் மரமோ வீடோ இல்லாமல் வெறும் தரைக்கோடு மட்டும் வைத்திருந்தோம். செலவு மிச்சம் என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் கால் சற்றும் மாறாமல் நடக்க, சொல் மட்டும் மாறிவிட்டதால், அவனுக்கே தெரியாமல் மறந்துவிட்டான் என்பது இதில்தான் நன்றாக வெளிப்பட்டது.

இரண்டு நிமிடப் படத்துக்குக் கணக்குப்படி 1440 படங்கள். பேசும்போது பாவை அசையாமல் நிற்கும் இடங்களையும், திரும்ப ஓட்டும் நடையையும் கழித்தால் சுமார் பாதி எடுத்தால் போதும். ஒரு மாலையில் எங்களால் 120 படம் வரை எடுக்க முடிந்தது. அதற்கு மேல் குழந்தைகளின் கை அவசரப்படும். அவசரப்பட்ட படங்கள் ஓட்டும்போது தனியாகத் தெரியும். குரல் கொடுத்தவர்கள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் பேசுகிறவர்கள். ‘நிலைப்படி’, ‘வாய்க்கால்’ என்ற சொற்களை அவர்கள் இந்தப் படத்துக்காகவே முதல்முறை வாய்விட்டுச் சொன்னார்கள். பதிவு செய்ய வேறு இடம் தேட வேண்டாம். துணிகள் தொங்கும் பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பேசினால் எதிரொலி வராது.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அட்டை ஈரம் குடித்து விளிம்பு சுருளும். சுருண்ட கால் கண்ணாடியில் படியாது. நடக்கும்போது அதன் நீளமே மாறுவது போல் தெரியும். ஒவ்வொரு இரவும் வேலை முடிந்ததும் பாவைகளைக் கைகால் நீட்டி, பழைய தடித்த புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றிவிடுங்கள். மறுநாள் எடுக்கும்போது முந்தைய நாளின் கடைசிப் படத்தைக் கைப்பேசியில் பார்த்து, அதே நிலையில் பாவையை வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.